ஆட்டோவின் பின்புறத்தில் ஒரு வரியும் ஒரு எண்ணும்: சிரிக்க வைத்து நினைவில் நிறுத்தும் வழி

'பிரசவத்திற்கு இலவசம்' என்ற வரியைத் தமிழ்நாட்டில் படிக்காதவர் இல்லை. அந்த வரிக்குக் கீழே இருந்த தொலைபேசி எண்ணை நினைவில் வைத்திருப்பவரையும் நான் பார்த்ததில்லை. வரியை எழுதச் சொன்னவர் அதை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்திருப்பார். எண்ணையோ, மிச்சம் இருந்த இடத்தில் பெயின்டர் தன் விருப்பப்படி எழுதிவிட்டுப் போயிருப்பார். இரண்டுக்கும் தொடர்பே இல்லாததால் படிப்பவர் மனதில் வரி தங்கிவிடுகிறது, எண் போய்விடுகிறது. வாடகை கொண்டுவருவது எண்தான்.

இந்த வழிகாட்டியின் அடிப்படை ஒன்றே ஒன்று. வரியை எண்ணிலிருந்து உருவாக்க வேண்டும். எண்ணில் மறந்துபோகும் பகுதி எது என்று முதலில் கண்டுபிடித்து, அந்தப் பகுதியைத் தாங்கும்படி வரியை எழுத வேண்டும். மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை ஒட்டி ஓடும் ஒரு வண்டியை மனதில் வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை செய்து காட்டுகிறேன்.

எல்லோர் கையிலும் கேமரா இருக்கும்போது எண்ணை ஏன் நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் வண்டிக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் இரு சக்கர வாகனம் ஓட்டுபவர். அவருடைய இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்கின்றன, செல்பேசி சட்டைப்பையில் இருக்கிறது. சிக்னல் விழும்வரை அவர் பார்ப்பது உங்கள் வண்டியின் பின்புறத்தை மட்டுமே. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர, அதிகாலைப் பேருந்தைப் பிடிக்க என்று ஆட்டோ தேவைப்படும் வீடு அவருடையதாகவும் இருக்கலாம். வீடு போய்ச் சேரும்வரை அந்த எண் அவர் மனதில் இருந்தால் போதும். கியூஆர் குறியீடு ஒட்டுவதால் இங்கே பயனில்லை. ஓடும் வண்டிக்குப் பின்னால் செல்பேசியை நீட்டிக்கொண்டு யாரும் நெருங்கி வருவதும் நல்லதல்ல.

முதல் படி: எந்த எண் என்று முடிவு செய்யுங்கள்

வண்டி உங்களுடையது, ஓட்டுபவர் வேறொருவர் என்றால், பின்புறத்தில் எழுதும் எண்ணை எடுத்துப் பேசப்போவது யார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளரின் எண்ணை எழுதினால், அழைப்பு வந்ததும் ஓட்டுநருக்குச் சொல்லி அனுப்பும் பொறுப்பு அவருடையது. நாள் வாடகைக்கு வண்டி எடுக்கும் ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் உரிமையாளரின் எண்தான் நிலையானது. ஆனால் நான்கு மணி விடியலில் அந்த அழைப்பை எடுக்க அவருக்கு மனம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதவே வேண்டாம். ஒரு முறை எடுக்கப்படாத எண்ணை யாரும் மறுமுறை முயல மாட்டார்கள்.

வீட்டு எண்ணையே வண்டியிலும் எழுதுவதைவிட, வண்டிக்கென்று தனியாக ஒரு சிம் வாங்குவது எல்லா வகையிலும் நல்லது. முதல் நன்மை, எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். கடையில் கையிருப்பில் உள்ள எண்களைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். கூடுதல் பணம் கேட்கும் 'ஃபேன்சி' எண் தேவையில்லை. கீழே சொல்லப்போகும் ஒரு கைப்பிடியாவது உள்ள சாதாரண எண் போதும். இரண்டாவது நன்மை, வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் நாளில் அந்த சிம்மையும் சேர்த்துக் கொடுத்துவைக்கலாம்.

2011-இலிருந்து நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே திட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடும். அதன் பிறகு உங்கள் வண்டி, முன்பின் தெரியாத ஒருவருக்கு விளம்பரம் செய்துகொண்டு ஊரைச் சுற்றும்.

இரண்டாம் படி: எண்ணைத் துண்டு போடுங்கள்

பத்து இலக்கங்களை வரிசையாக எழுதினால் யார் மனதிலும் நிற்காது. ஒரு நேரத்தில் சுமார் ஏழு தனித்தனிப் பொருட்களைத்தான் மனம் பிடித்துவைக்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை நான்கு என்றே குறைத்துவிட்டார்கள். நல்ல வேளையாக, 'பொருள்' என்பது ஓர் இலக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே தெரிந்த மூன்று இலக்கத் தொகுதியும் ஒரே பொருள்தான். எனவே பத்து இலக்கத்தை மூன்று அல்லது நான்கு துண்டாக்குவதுதான் வேலை.

வழக்கமாக ஐந்தும் ஐந்துமாகப் பிரிக்கிறார்கள். படிக்க அது வசதிதான், நினைவில் வைக்கப் போதாது. ஐந்து இலக்கம் பலருக்கு ஒரே துண்டாக உட்காராது. எண்ணுக்கு ஏற்ற இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

நம் மாட்டுத்தாவணி வண்டிக்கு ஓர் எண் வைத்துக்கொள்வோம். இந்தியாவில் செல்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். தப்பித்தவறி யாருடைய எண்ணாகவும் ஆகிவிடக் கூடாது என்பதால் நான் 5-இல் தொடங்குகிறேன்.

5410827639

இதை 54108 27639 என்று எழுதினால் பின்பாதி வழுக்கிக்கொண்டு போகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஒளிந்திருப்பவை தெரியும். 108 ஆம்புலன்ஸ் எண். தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். 27 நட்சத்திரங்களின் எண்ணிக்கை. கடைசியில் உள்ள 639 ஒரு சின்னக் கணக்கு: ஆறும் மூன்றும் ஒன்பது. அப்படியானால் வெட்ட வேண்டிய இடம்:

54 108 27 639

இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று சந்தமும் கிடைத்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்மூரில் பலரும் எண்ணை ஆங்கிலத்தில்தான் ஒப்பிப்பார்கள். 'ஃபைவ் ஃபோர், ஒன் ஜீரோ எய்ட்' என்று சொல்லும்போதும் இந்த ஏற்ற இறக்கம் கெடுவதில்லை. நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே வெட்டு தவறு.

உங்கள் எண்ணில் இப்படிக் கைப்பிடிகளைத் தேட ஒரு வரிசை உண்டு. முதலில் ஊர் அறிந்த எண்கள்: நாயன்மார் 63, கலைகள் 64, சித்தர்கள் 18, தமிழ் எழுத்துகள் 247, குறள்கள் 1330, அதிகாரங்கள் 133, சட்டமன்றத் தொகுதிகள் 234. அடுத்து உள்ளூர் எண்கள். மதுரைக்காரருக்கு 452 என்றால் எஸ்டிடி குறியீடு, 58, 59, 64 என்றால் வண்டிப் பதிவெண்ணின் தொடக்கம், 625 என்றால் அஞ்சல் குறியீட்டின் தலை. கோவைக்காரருக்கு 422. சென்னையில் அந்தப் பக்கம் ஓடும் பேருந்தின் தட எண்ணே போதும். மூன்றாவது, வாய்ப்பாடு. 7856 என்று இருந்தால் 'ஏழு எட்டு ஐம்பத்தாறு' என்று பள்ளியில் பாடியது தானாக வாயில் வரும். கடைசியாக வடிவம்: 2468 போன்ற படிகள், 7227 போன்ற கண்ணாடிப் பிம்பங்கள், ஒரே இலக்கம் மூன்று முறை வருவது. ஒரே இலக்கம் அடுத்தடுத்து வந்தால் அதை நடுவில் வெட்டக் கூடாது. 000 என்பதை 0 00 என்று பிரித்துவிட்டால் இரண்டு சுழியமா, மூன்றா என்று படித்தவர் குழம்பியே தீருவார்.

நான்கிலும் எதுவும் சிக்கவில்லை என்றால் அந்த எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேறு சிம் வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: பலவீனமான துண்டைக் கண்டுபிடியுங்கள்

எந்தப் பட்டியலிலும் தொடக்கமும் முடிவும் மனதில் நிற்கும், நடுப்பகுதிதான் மங்கும். நம் எண்ணில் 54 முதலில் இருப்பதால் தப்பிக்கும். 108-க்குத் துணையே வேண்டாம். 639 கடைசியில் இருக்கிறது, கூட்டல் கணக்கும் காப்பாற்றும். எஞ்சியது 27. 108 என்ற வலுவான எண்ணுக்கும் 639 என்ற கடைசித் துண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது அது. பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் இதைத்தான் 72 என்றோ 26 என்றோ சொல்வார்கள். வரி எழுதப்பட வேண்டியது இந்த 27-க்காக.

இந்த இடத்தில் ஆசை வேறு பக்கம் இழுக்கும். 639-ஐப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றிய வரி இது:

ஆறும் மூன்றும் ஒன்பது,
அழைத்தவுடன் வருவது.

மோனை இருக்கிறது, இயைபு இருக்கிறது, குழந்தைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். ஆனாலும் ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். ஏற்கெனவே வலுவாக இருக்கும் துண்டுக்கே மறுபடி முட்டுக் கொடுக்கிறது இது. அதே எண் வேறு வரிசையில் வந்து, 639 நடுவில் இருந்திருந்தால் இதைவிட நல்ல வரி கிடையாது.

108-ஐ வைத்து எழுதும் ஆசையும் வரும். '108-க்கு முன்னால் வருவோம்' என்று எழுதினால் சிரிப்பார்கள், எண்ணும் பதியும். எழுதக் கூடாது. ஆட்டோவில் ஆக்சிஜனும் கிடையாது, ஸ்ட்ரெச்சரும் கிடையாது. நெஞ்சுவலி வந்தவர் வீட்டில் ஒருவர் பதற்றத்தில் ஆம்புலன்ஸை விட்டுவிட்டு உங்களை அழைத்தால், அந்தச் சிரிப்பின் விலை மிகப் பெரியது. காவல்துறை, தீயணைப்பு என எந்த அவசர எண்ணையும் வரிக்குள் கொண்டுவர வேண்டாம். எண்ணுக்குள் தானாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்காம் படி: வரியை எழுதுங்கள்

வரியின் நீளத்துக்குத் திருக்குறளே அளவு: முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. அந்த ஏழைத் தாண்டிய எதுவும் சிக்னல் மாறுவதற்குள் படித்து முடியாது. நான்கு அல்லது ஐந்து சொற்களில் முடிந்தால் இன்னும் நல்லது.

எதைப் பார்த்துச் சிரிப்பது என்பதில்தான் பல வண்டிகள் தவறிவிடுகின்றன. பெண்களைக் குத்தும் வரி, காதலில் தோற்றவரின் புலம்பல், சாதிப் பெருமை, பின்னால் வருபவரை வம்புக்கு இழுக்கும் வசனம் ஆகியவற்றைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். ஆனால் ஆட்டோவை அழைக்கப்போகும் வீடுகளில் எண்ணைக் குறித்துவைப்பவர் பெரும்பாலும் பெண்தான். தன்னைக் கேலி செய்யும் வண்டியில் தன் மகளை ஏற்றிப் பள்ளிக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. சிரிப்பு வண்டியைப் பற்றியோ, சாலையைப் பற்றியோ, பயணிகள் தினமும் படும் பாட்டைப் பற்றியோ இருந்தால் யாரும் புண்பட மாட்டார்கள்.

சில வரிகளை எழுதிக் காட்டுகிறேன். 'முந்திச் செல்லுங்கள், அடுத்த சிக்னலில் சந்திப்போம்' என்பது நகரத்தில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. 'கேட்ட இடத்துக்கு வரும், கேட்காத கேள்வி வராது' என்பது தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு உடனே புரியும். 'சில்லறை உண்டு' என்ற இரண்டே சொற்கள், ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டித் திட்டு வாங்கிய அத்தனை பேரையும் சிரிக்க வைக்கும். 'மூன்று முடிச்சுக்கும் வரும் மூன்று சக்கரம்' என்பது கல்யாண மண்டபங்கள் நிறைந்த பகுதியில் நன்றாக எடுபடும். இவற்றில் வாக்குறுதி கலந்த வரிகளைக் காப்பாற்ற முடிந்தால் மட்டும் எழுதுங்கள். 'சில்லறை உண்டு' என்று எழுதிய வண்டியில் சில்லறை இல்லையென்றால் அதைவிடப் பெரிய எதிர்விளம்பரம் இல்லை. 'பிரசவத்திற்கு இலவசம்' என்று எழுதியவரும் நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து வரத்தான் வேண்டும்.

இரட்டைப் பொருளையும் கவனியுங்கள். 'மாமியார் வீட்டுக்கு நேராகக் கொண்டுபோய் விடுவோம்' என்று ஒருவர் வெள்ளந்தியாக எழுதலாம். நம் பேச்சு வழக்கில் மாமியார் வீடு என்றால் சிறை என்றும் பொருள் உண்டு. எழுதும் முன் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தால் இத்தகையவை வெளிப்பட்டுவிடும்.

இனி நம் வண்டிக்கு வருவோம். வேண்டியது 27. நட்சத்திரம் என்றதும் ஜாதகம், பொருத்தம், நல்ல நேரம் எல்லாம் வரிசையாக வருகின்றன. அவற்றோடு ஆட்டோவின் எந்தக் கவலையைச் சேர்க்கலாம்? கட்டணத்தைத்தான். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்பதுதானே பயணிகளின் பெரிய மனக்குறை.

27 நட்சத்திரத்துக்கும் ஒரே கட்டணம்

நான்கு சொற்கள். எந்த நட்சத்திரத்தில் பிறந்தவராக இருந்தாலும் ஒரே விலை என்பதில் சிரிப்பும் இருக்கிறது, வாக்குறுதியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வரியின் முதல் சொல்லே எண்ணில் நமக்கு வேண்டிய துண்டு. அந்த 27 இலக்கமாகவே எழுதப்பட வேண்டும். 'இருபத்தேழு' என்று எழுத்தால் எழுதினால் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும், முடிச்சு விழாது. வரியில் உள்ள 27-க்கும் எண்ணில் உள்ள 27-க்கும் ஒரே நிறம் கொடுங்கள். மற்ற எல்லாம் கறுப்பு, இந்த இரண்டு மட்டும் கருநீலம். சிவப்பு கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்புதான். கறுப்பு அப்படியே இருக்க, அந்த இரண்டு எண்கள் மட்டும் மங்கிப்போகும்.

ஐந்தாம் படி: எழுதும் முன் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வரியையும் எண்ணையும் உண்மையான அளவில் சார்ட் தாளில் எழுதி வண்டியின் பின்புறத்தில் டேப்பால் ஒட்டுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, முப்பது அடி தள்ளி உள்ள டீக்கடையில் நிற்கும் ஒருவரை அழையுங்கள். இதற்குமுன் எண்ணைப் பார்க்காதவராக இருக்க வேண்டும். ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுங்கள். பத்து நிமிடம் வேறு ஏதாவது பேசுங்கள். பிறகு எண்ணைக் கேளுங்கள். வெவ்வேறு வயதினர் ஐந்தாறு பேரிடம் இதைச் செய்தால் போதும். குறைந்தது ஒருவராவது அறுபதைத் தாண்டியவராக இருக்கட்டும்.

தவறான பதில்கள்தான் இதில் பெரிய உதவி. ஒரே துண்டுக்குள் இலக்கங்கள் இடம் மாறினால், 27 என்பது 72 ஆனால், வரியில் அந்த எண் அழுத்தமாக விழவில்லை என்று பொருள். வரியின் தொடக்கத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். துண்டுகளே இடம் மாறினால் சந்தம் போதவில்லை. வெட்டும் இடத்தை மாற்றிப் பாருங்கள். ஓர் இலக்கம் விடுபட்டால் அநேகமாக ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரும் இடமாக இருக்கும். வரியை அட்சரம் பிசகாமல் சொல்லி, எண்ணை அடியோடு மறந்தார் என்றால், வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும். நேர்மாறாக, வரி நினைவில்லை, எண் மட்டும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் கவலைப்படாதீர்கள். வரி தன் வேலையை முடித்துவிட்டது.

ஆறாம் படி: அளவும் இடமும்

விளம்பரப் பலகை எழுதுபவர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு. ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்து அடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். முப்பது அடியிலிருந்து படிக்க வேண்டுமென்றால் மூன்று அங்குலம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்குமேல் கடந்துவிடுவார் என்பதால், முப்பது அடிக்குக் குறைத்துக் கணக்கிடாதீர்கள்.

எண்ணுக்கு மூன்று அங்குல உயரம், வரிக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட வரி பெரிதாக இருக்கவே கூடாது. மூன்று அங்குல இலக்கம் ஒன்று, இடைவெளியோடு ஐந்தரை சென்டிமீட்டர் அகலம் பிடிக்கும். பத்து இலக்கத்துக்கு 55 சென்டிமீட்டர். துண்டுகளுக்கிடையே மூன்று இடைவெளிகள், ஒவ்வொன்றும் ஓர் இலக்கத்தின் அகலம் என்றால் இன்னும் பதினாறு, பதினேழு. மொத்தம் 70-ஐ ஒட்டி வரும். ஆட்டோவின் அகலம் 130 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால், விளக்குகளுக்கு ஒதுக்கியது போக இதற்கு இடம் இருக்கும். துண்டுகளுக்கு நடுவே கோடு, புள்ளி எதுவும் வேண்டாம், வெற்றிடமே போதும். '+91', 'செல்', 'போன்' போன்றவையும் வேண்டாம். பத்து இலக்கம் இருந்தால் அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவை இடத்தை அடைத்து எண்ணைத்தான் சிறிதாக்கும்.

இலக்கங்களின் வடிவம் திறந்ததாக இருக்கட்டும். தடித்த அலங்கார எழுத்தில் 3-உம் 8-உம், 5-உம் 6-உம் தூரத்திலிருந்து ஒன்றாகத் தெரியும். 1-இன் தலையில் நீண்ட கொண்டை வைத்தால் 7 ஆகிவிடும். நிழல், வெளிக்கோடு, தீப்பிழம்பு எல்லாம் வரிக்கும் வேண்டாம், எண்ணுக்கு நிச்சயம் வேண்டாம். மஞ்சள் வண்டியில் கறுப்பு எழுத்தைப் போலத் தெளிவாகத் தெரிவது வேறொன்றில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, வரியை மேலே ரெக்சினிலும், எண்ணைக் கீழே தகட்டிலும் வைக்கலாம். ரெக்சின் மடங்கும், காற்றில் அடிக்கும், தையல் விட்டுத் தொங்கும். வரியில் ஓர் எழுத்து சிதைந்தால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். எண்ணில் ஓர் இலக்கம் சிதைந்தால் மொத்தமும் வீண். ஆகவே எண் தகட்டில்தான் இருக்க வேண்டும். பின்பக்கக் கண்ணாடித்தாள் ஜன்னலை மறைக்காதீர்கள், ஓட்டுநர் பின்னால் பார்ப்பது அதன் வழியாகத்தான். பதிவெண் பலகை, பின்விளக்குகள், சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஆகியவற்றின்மீது ஓர் எழுத்துகூட ஏறக் கூடாது. எப்.சி.க்குப் போகும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். பதிவெண்ணுக்கு மிக அருகிலும் தொலைபேசி எண் வேண்டாம், இரண்டும் கலந்து குழப்பும். பிற நிறுவனங்களின் விளம்பரத்தை வண்டியில் போட அனுமதி தேவைப்படும். அதனால் டயர் கடைக்காரர் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லித் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: பெயின்டா, ஸ்டிக்கரா?

தகட்டில் இரண்டும் நிற்கும். ரெக்சினில் இரண்டுக்கும் சிக்கல் உண்டு. எனாமல் பெயின்ட் காய்ந்தபின் விறைப்பாகிவிடுவதால் ரெக்சின் மடியும் இடத்தில் வெடிக்கும். ஸ்டிக்கரோ, ரெக்சின் மென்மையாக இருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட எண்ணெய்ப் பசை மெல்ல மெல்ல வெளியே வருவதால் விளிம்பில் தூக்கிக்கொள்ளும். மடிப்பு விழாத நடுப்பகுதியாகப் பார்த்து மெல்லிய இரண்டு கோட்டிங்கில் பெயின்டால் எழுதுவதே என் தேர்வு. ஒரே கோட்டிங்கில் தடிமனாக அடித்தால் சீக்கிரம் வெடிக்கும்.

எண்ணுக்கு ஸ்டிக்கர் கடையில் வெட்டிக் கொடுக்கும் வினைல் எழுத்து நல்லது. இலக்கங்கள் ஒரே சீராக இருக்கும், அளவு பிசகாது. இரவு வாடகை அதிகம் ஓட்டுபவர்கள் ரேடியம் ஸ்டிக்கரைக் கேட்பார்கள். முகப்பு வெளிச்சம் பட்டால் அது நன்றாக ஒளிரும். ஆனால் மஞ்சள் தகட்டில் மஞ்சளோ வெள்ளையோ ஆன ரேடியம் பகலில் தெரியவே தெரியாது. கறுப்புப் பட்டை ஒன்றை ஒட்டி அதன்மேல் ரேடியம் இலக்கங்களை ஒட்டினால் இரண்டு வேளைக்கும் உதவும். அப்படிச் செய்தால் கருநீலத்தை மறந்துவிடுங்கள், கறுப்பின்மேல் அது எடுபடாது. மற்ற இலக்கங்கள் வெள்ளை, 27 மட்டும் மஞ்சள் என்று வைத்து, அந்த 27-க்குக் கீழ் ஒரு கோடு போடுங்கள். மேலே வரியில் உள்ள 27-க்கும் அதே கோடு.

கடைக்காரரிடம் வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வந்துவிடாதீர்கள். பல கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். நீங்கள் அனுப்பியது அங்கே ஒட்டாது, அவர்கள் மறுபடி அடிப்பார்கள். அப்போதுதான் 'நட்சத்திரத்துக்கும்' என்பதில் ஒற்று விழும், 'கட்டணம்' என்பது 'கட்டனம்' ஆகும். திரையில் எழுத்தெழுத்தாகப் பார்த்து, எண்ணை உங்கள் செல்பேசியில் அடித்து மணி ஒலிக்கிறதா என்றும் பார்த்தபிறகே வெட்டச் சொல்லுங்கள்.

தமிழுக்கென்றே ஒரு தொல்லை, புள்ளி. ஸ்டிக்கரில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு சின்ன வட்டமாகத் தனியாக வெட்டப்படும். ஒட்டும் பரப்பு குறைவு என்பதால் முதல் மழையிலேயே உதிர்வது அதுதான். வரியையும் ஸ்டிக்கரில் ஒட்டுவதாக இருந்தால் புள்ளிகளை வழக்கத்தைவிடப் பெரிதாக, எட்டு மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள். புள்ளி குறைவாக உள்ள சொற்களைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழி.

ஒட்டும் நாளில் தகட்டை சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து முழுவதும் காயவிடுங்கள். பின்புறத் தகட்டில் இன்ஜின் சூடு ஏறியிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். பிசுக்கின் மேல் ஒட்டியது நிற்காது. ஓட்டிவிட்டு வந்த உடனேயும் நண்பகல் வெயிலிலும் ஒட்டாதீர்கள். சூடான தகட்டில் பசை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், சரி செய்ய முடியாது. காலை நேரம் சிறந்தது. பென்சிலால் ஒரு கிடைக்கோடு போட்டு, நடுவிலிருந்து இருபுறமும் காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்ட வேண்டும். இரண்டு நாள் வண்டியைக் கழுவ வேண்டாம். எப்.சி.க்காக வண்டிக்கு பெயின்ட் அடிக்கும் சமயத்தில் இந்த வேலையையும் சேர்த்துச் செய்தால் செலவு குறையும். ஆனால் புதுப் பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் அடியில் குமிழி குமிழியாக எழும்பும்.

ஓடத் தொடங்கிய பிறகு

புதிய எண்ணிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் எண் எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 'பின்னால் பார்த்தேன்' என்பவர்களிடம், எண்ணை அடிக்கும்போது எங்கேயாவது தயங்கினார்களா என்றும் கேளுங்கள். ஒரே துண்டைப் பலரும் சொன்னால், அடுத்த முறை வரி எழுதும்போது அந்தத் துண்டுக்காக எழுதுங்கள்.

வரியை மாற்றலாம். ஒரே வழியில் தினமும் ஓடும் வண்டியின் வரியை அந்தப் பகுதி மக்கள் சீக்கிரமே படித்துப் பழகிவிடுவார்கள். பிறகு கண் அதில் நிற்காது. '27 நட்சத்திரத்துக்கும்' பழகிவிட்ட பிறகு, '27 நட்சத்திரத்துக்கும் நல்ல நேரம், ஏறுங்கள்' என்று மாற்றினால் போதும். எண்ணின் இடத்தையும் துண்டுகளையும் நிறத்தையும் மட்டும் தொடவே வேண்டாம். கண்ணுக்குப் பழகிய அந்த வடிவத்தை வைத்துத்தான் பாதிப் பேர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பெயின்டர் வந்து 54108 27639 என்று அவருக்குத் தெரிந்தபடி எழுதிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே முதல் முறை எழுதி முடித்ததும், நேர் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து, இடைவெளி அளவுகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தப் படத்தைப் பெயின்டரிடம் காட்டி, அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.